ரெஃபரல் கொடுத்த சீனியருக்கு நன்றி மெசேஜ் எழுதுவது எப்படி?

ஆஃபர் லெட்டர் வந்த அன்று நான் அக்காவுக்கு முதலில் டைப் செய்தது இதுதான்:

"அக்கா வேலை கிடைச்சிடுச்சு!!! எல்லாம் உங்களாலதான். நீங்க இல்லேன்னா நான் இன்னும் அங்கயே கிடந்திருப்பேன். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பெரிய ட்ரீட் இருக்கு. அப்புறம் என் ஃப்ரெண்டும் டெஸ்டிங்லதான் இருக்கான், அவன் ரெஸ்யூமையும் ஃபார்வர்ட் பண்ண முடியுமாக்கா?"

நல்லவேளை, அனுப்பவில்லை. அக்கா என் பழைய கம்பெனியில் எனக்கு சீனியர். அவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் போனில் ஏபிஐ டெஸ்டிங் சொல்லிக் கொடுத்தவர், கடைசியில் தன் கம்பெனியிலேயே என்னை ரெஃபர் செய்தவர். அவருக்குப் போக வேண்டிய மெசேஜை எப்படித் திருத்தினேன் என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். உங்களுக்கு அது அண்ணாவாகவோ சாராகவோ மேடமாகவோ இருக்கலாம், வேலை ஒன்றுதான்.

படி 1: எப்போது, எதில் அனுப்புவது

எச்.ஆர். போனில் "யூ ஆர் செலக்டட்" என்று சொன்னதும் "செலக்ட் ஆயிட்டேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், அது போதும். முழு மெசேஜ், ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து நீங்கள் அக்செப்ட் செய்த பிறகு, முடிந்தால் அன்றைக்கே. வாய்வார்த்தைக்கும் லெட்டருக்கும் நடுவில் சம்பளப் பேச்சு இழுத்து, அப்ரூவல் மாட்டி, சில சமயம் ஆஃபரே வராமல் போவதும் உண்டு.

லிங்க்ட்இன் போஸ்ட் இதற்குப் பிறகுதான். முன்பு ஒருமுறை நான் இதை மாற்றிச் செய்தேன். ரெஃபர் செய்த இன்னொரு சீனியருக்கு என் போஸ்டைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது, "வாழ்த்துகள்" என்று ஒரே வார்த்தையில் கமெண்ட் போட்டார். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது என்று புரிய அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. போஸ்டில் அவரை டேக் செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்களின் ரெஸ்யூமெல்லாம் அவர் இன்பாக்ஸில் வந்து விழும்.

எதில் பேசிப் பழக்கமோ அதிலேயே அனுப்பலாம், எங்களுக்கு வாட்ஸ்அப். அவருடைய ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் வேண்டாம். ஆஃபர் லெட்டரின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். அதில் உங்கள் சம்பளம் இருக்கிறது, அவரும் அதே கம்பெனியில் இருக்கிறார், தேவையில்லாத ஒப்பீடு.

படி 2: எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தை யோசித்துப் பிடிப்பது

மெசேஜின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவர் செய்ததில் எந்த ஒன்று, இன்டர்வியூவில் எந்த இடத்தில் உங்களுக்குக் கைகொடுத்தது? "நிறைய ஹெல்ப் பண்ணீங்க" என்பதை யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

எனக்கு யோசித்ததும் வந்தது ரெஸ்யூம். "ஷாப்பிங் ஆப்பின் பேமென்ட் மாட்யூலை டெஸ்ட் செய்தேன்" என்று எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "டெஸ்ட் பண்ணேன்னு எழுதாத, என்ன உடைஞ்சதுன்னு எழுது" என்றார். நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு முறை பணம் போய்க்கொண்டிருந்தது, அந்த பக்கைக் கண்டுபிடித்தது நான்தான். அதை ரெஸ்யூமில் முதல் வரியாகப் போட்டேன். இரண்டாவது ரவுண்டில் பாதி நேரம் அதையேதான் கேட்டார்கள்.

இப்படி ஒன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை என்றால் பழைய சாட்டை மேலே தள்ளிப் பாருங்கள், கிடைக்கும். ரெஃபர் மட்டும்தான் செய்தார், வேறு எதுவும் இல்லை என்றாலும் சரி, "மெசேஜ் போட்ட அன்னைக்கே ரெஸ்யூமை அப்லோட் பண்ணீங்க" என்பதும் அவர் மட்டுமே செய்த ஒன்றுதான்.

படி 3: எழுதுவது

மூன்று பத்திகள். முதலில் செய்தி, அப்புறம் அந்த ஒரு விஷயம், கடைசியில் நன்றி.

"அக்கா, இன்னைக்கு மதியம் ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு, அக்செப்ட் பண்ணிட்டேன். நோட்டீஸ் 60 நாள், ஜூன் முதல் வாரம் ஜாயினிங்.

என்ன உடைஞ்சதுன்னு எழுதுன்னு சொன்னீங்கல்ல, அந்த டபுள் பேமென்ட் பக்தான் ரெண்டாவது ரவுண்டுல பாதி நேரம் ஓடுச்சு. எப்படிக் கண்டுபிடிச்ச, டெவலப்பர் ஒத்துக்கலேன்னா என்ன பண்ணுவேன்னு குடைஞ்சாங்க. நீங்க சொல்லலேன்னா அது ரெஸ்யூம்லயே இருந்திருக்காது.

உங்க பேரைப் போட்டு ரெஃபர் பண்ணதுக்கு ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஜாயின் பண்ற அன்னைக்கு சொல்றேன்."

'நன்றி' என்று எழுதினால் மேடைப்பேச்சு மாதிரி இருந்தது, அதனால் பேசும்போது சொல்கிற தேங்க்ஸே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சார் என்று கூப்பிடுகிற, வயதில் மூத்தவர் என்றால் "வணக்கம் சார்" என்று ஆரம்பித்து, "மிக்க நன்றி சார்" என்று முடிக்கலாம், நடுவில் இருப்பது அப்படியே பொருந்தும். எமோஜி அவரவர் இஷ்டம். கும்பிடும் கையை ஏழு தடவை போடாமல் இருந்தால் சரி.

படி 4: வெட்டுவது

என் முதல் வடிவத்தில் இருந்து எவையெல்லாம் காணாமல் போயின என்று பாருங்கள்.

"எல்லாம் உங்களாலதான்" போய்விட்டது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. ரெஃபரல் என்பது ரெஸ்யூமை உள்ளே இருக்கும் போர்ட்டலில் ஏற்றி, இவரை எனக்குத் தெரியும் என்று தன் பெயரைப் போடுவது. அதோடு அவர் வேலை முடிந்தது, ரவுண்டுகளை நீங்கள்தான் தாண்டினீர்கள். அதே கம்பெனியில் இருப்பவருக்கு "நீங்க வாங்கிக் கொடுத்த வேலை" என்று எழுதினால், வேறு யாராவது அதைப் படித்தால், அவர் யாரையோ பிடித்துப் பேசி உங்களை உள்ளே தள்ளிய மாதிரி ஆகிவிடும்.

ட்ரீட் போய்விட்டது, அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம். ரெஃபரல் போனஸ் பற்றியும் ஜோக் அடிக்க வேண்டாம், "உங்களுக்கும் லாபம்தானே" என்கிற தொனி வந்துவிடும். நண்பனின் ரெஸ்யூம் கண்டிப்பாக இந்த மெசேஜில் கிடையாது. தேங்க்ஸ் சொன்ன கையோடு அடுத்த உதவி கேட்டால், தேங்க்ஸே அதற்காகத்தான் என்று ஆகிவிடும். அவனுக்காக நான் கேட்டது நான்கு மாதம் கழித்து.

படி 5: ஜாயின் பண்ணும் வரை

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பல கம்பெனிகளில் நீங்கள் சேர்ந்து சில மாதங்கள் இருந்தால்தான் ரெஃபர் செய்தவருக்குப் போனஸ். அது போக, ஆள் வருகிறாரா இல்லையா என்று அந்த டீமில் யாராவது அவரிடமே வந்து கேட்பார்கள். அதனால் தேதி தள்ளிப்போனால் எச்.ஆருக்குச் சொன்ன அன்றே அவருக்கும் ஒரு வரி. எனக்குப் பழைய கம்பெனியில் ரிலீவிங் லெட்டர் தாமதமாகி, ஜாயினிங் ஒரு வாரம் தள்ளியது. "அக்கா, ஒரு வாரம் தள்ளிப் போகுது, எச்.ஆர். ஓகே சொல்லிட்டாங்க" என்று அனுப்பினேன், அவ்வளவுதான்.

வேறு நல்ல ஆஃபர் வந்து இதை விடப் போகிறீர்கள் என்றால் மெசேஜ் வேண்டாம், போன் செய்யுங்கள். எச்.ஆருக்கு மெயில் போவதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாயினிங் அன்று காலை பத்தரைக்கு, "அக்கா, உள்ள வந்துட்டேன், ஐடி கார்டுக்கு போட்டோ எடுக்குறாங்க" என்று அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "மூணாவது மாடி மெஷின் காபிய குடிச்சிராத. ஒரு மணிக்குக் கீழ வா."