ஒன்பது எப்படி மைனஸ் ஏழு ஆனது

ஜாவாவில் எழுதிய ஒரு பழைய நிரலில், பயனரின் அனுமதிகள் எல்லாம் ஒரே `int`-இல் இருந்தன. கீழ் பிட்களில் படிக்க, எழுத, அழிக்க என்ற கொடிகள். மேலே உள்ள 4 பிட்களில் பயனரின் நிலை எண். 7 வரை எல்லாம் சரி. நிலை 7-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கொடிகளைச் சோதிக்கும் `(p & WRITE) != 0` ஒழுங்காகவே வேலை செய்தது. அப்புறம் நிலையை அச்சிட்டுப் பார்த்தேன்.

```java
int p = (9 << 28) | WRITE;
p >> 28    // -7
p >>> 28   // 9
```

இரும எண்ணில் 9 என்பது 1001. அதன் முதல் 1 போய் உட்காருவது 31-ஆம் பிட்டில், அதாவது குறி பிட்டில். `>>` வலப்பக்கம் நகர்த்தும்போது காலியாகும் இடங்களைக் குறி பிட்டைக் கொண்டே நிரப்பும்; அதனால் மேலே முழுக்க 1. `>>>` பூஜ்யத்தால் நிரப்பும். 7 வரை குறி பிட் 0 என்பதால் இரண்டுக்கும் ஒரே விடை. சோதனைத் தரவில் பெரிய நிலைகளே இல்லை, பிறகு எப்படித் தெரியும்?

ஒரு எழுத்து சேர்த்ததும் சரியானது. `(p >> 28) & 0xF` என்றாலும் 9 தான் வரும். சி மொழியில் `>>>` கிடையாது. அங்கே `unsigned` வகையில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.