இணைப்பை முதலில் மாற்றுங்கள்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஒருநாள் இரவு, அறிமுகமில்லாத எண்களிலிருந்து 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற விளம்பரச் சுட்டிகள் வரிசையாக வந்தன. ஓர் எண்ணை நீக்கினால் இன்னோர் எண் உள்ளே வந்தது.

அவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று உரையாடலிலேயே தெரிந்துகொள்ளலாம். புதியவர் சேரும்போது, அழைப்பு இணைப்பு மூலம் சேர்ந்தாரா, உறுப்பினர் ஒருவர் சேர்த்தாரா என்று குழுவில் ஒரு சிறு வரி தோன்றும். எங்களுக்கு வந்த எல்லாருமே இணைப்பு வழியாக வந்தவர்கள். அதாவது, இணைப்பு எங்கோ பொதுவெளியில் கிடக்கிறது.

ஆகவே அழைப்பு இணைப்பை மீட்டமைத்தேன். பழைய இணைப்பு அந்த நொடியே செல்லாததாகிவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. பிறகுதான் சுத்தம் செய்யத் தொடங்கினேன். ஆளை நீக்கினாலும் அவர் அனுப்பிய செய்திகள் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு செய்தியையும் அழுத்திப் பிடித்து, 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்தபின் ஆளை வெளியேற்றினேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது; சில நாள் கடந்தால் அந்த வாய்ப்பு கிடைக்காது. ஏற்கெனவே சுட்டியைத் தொட்டவர்களை இது காப்பாற்றாது என்பதால், அதில் கடவுச்சொல்லோ வங்கி விவரமோ தந்திருந்தால் உடனே மாற்றும்படி குழுவில் எழுதினேன்.

இப்போது அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி அமைத்திருக்கிறேன். கோரிக்கை வந்தால், யார் சொல்லி வருகிறார் என்று கேட்டுவிட்டே அனுமதிக்கிறேன்.