பட்டைகள் இறுகும்போது: திசையை ஊகிக்காமல் பிரேக்அவுட்டுக்குத் தயாராகும் முறை

ஒரு பங்கின் விலை வாரக்கணக்கில் சிறிய வீச்சுக்குள் அடங்கி நின்றால், அடுத்து அந்த வீச்சை உடைத்துக்கொண்டு பெரிய நகர்வு ஒன்று, அதாவது பிரேக்அவுட், வரக்கூடும். அது மேலா கீழா என்பதை, 20 நாள் சராசரி விலைக்கு மேலும் கீழும் இரண்டு நியம விலகல் தூரத்தில் வரையப்படும் பொலிஞ்சர் பட்டைகள் சொல்வதில்லை. கொழும்பு பங்குச் சந்தையில் பிற்பகல் 2.30க்கு வணிகம் முடிந்த பின்னர் நான் செய்துவரும் வேலையை இங்கே தருகிறேன்.

படி 1: இறுக்கத்தை அளத்தல்

எக்செல்லில் B2 முதல் நாளாந்த இறுதி விலைகளைப் பழையது மேலே வரும்படி இட்டு, முதல் சூத்திரத்தை C21இலும் இரண்டாவதை D145இலும் எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்.

```
=4*STDEV.P(B2:B21)/AVERAGE(B2:B21)*100
=C145=MIN(C21:C145)
```

முதலாவது, மேற்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் உள்ள இடைவெளியைச் சராசரி விலையின் சதவீதமாகத் தரும். அது 125 வணிக நாட்களில் மிகக் குறைவாக இருந்தால் இரண்டாவது TRUE என்று காட்டும். வரைபடம் திரைக்கேற்பத் தானே நீண்டு சுருங்குவதால், கண்ணளவை விட இந்த எண்ணையே நம்புகிறேன்.

நாட்கணக்கில் கைமாறாத பங்கிலும் TRUE வரும் என்பதை ஒரு வாசகரின் கேள்விக்குப் பின்னரே சேர்த்தேன். அது இறுக்கமல்ல, வாங்குவோரும் விற்போரும் இல்லாத நிலை. அத்தகைய பங்கை விட்டுவிடுங்கள்.

படி 2: இரு பக்கமும் கோடு போடுதல்

உதாரணமாக, 20 நாள் உச்சம் 103.50 ரூபாய், தாழ்வு 97.00, சராசரி 100 என்று கொள்வோம். 103.50க்கு மேல் முடிந்தால் வாங்குவேன், 97.00க்குக் கீழ் முடிந்தால், கையில் உள்ளதை விற்பேன், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்குவேன். இரண்டையும் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

படி 3: இறுதி விலைக்குக் காத்திருத்தல்

நான் இடறியது இங்கேதான். காலை 11 மணிக்கு விலை மேற்கோட்டைத் தாண்டியதும் வாங்கினேன். சந்தை மூடும்போது அது மீண்டும் கோட்டுக்குள் வந்து, அடுத்த சில நாட்களில் கீழ்க்கோட்டையும் உடைத்தது. இறுக்கத்தின் பின் இத்தகைய போலி நகர்வு அடிக்கடி நிகழும். ஆகவே இறுதி விலை கோட்டுக்கு வெளியே இருப்பதோடு, அன்றைய வணிக அளவு 20 நாள் சராசரியை விடத் தெளிவாகக் கூடியிருக்கவும் வேண்டும். இதனால் மறுநாள் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க நேரிடும், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

படி 4: எத்தனை பங்குகள்

மூலதனம் 500,000 ரூபாய், ஏற்கும் நட்டம் அதில் 1%, அதாவது 5,000 ரூபாய். 104இல் வாங்கி, 20 நாள் சராசரியான 100இல் வெளியேறினால் பங்கொன்றுக்கு 4 ரூபாய் நட்டம் என்பதால் 1,250 பங்குகள் வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் தரகுக் கட்டணமும் வரிகளுமாக ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1.12% போகிறது, இரண்டும் சேர்ந்து பங்கொன்றுக்கு 2.28 ரூபாய். உண்மையான நட்டம் 6.28 ஆகிறது, வாங்கக்கூடியது 796 பங்குகளே. மறுநாள் விலை 106இல் திறந்தால் பழைய எண்ணிக்கையை வைத்துக்கொள்ளாமல், கொடுக்கக்கூடிய உச்ச விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஓர்டர் இடுவதற்கு முன் இந்தக் கணக்கை மீண்டும் போடுங்கள்.