குத்தகை நீட்டிப்பைக் கணக்கில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு நிறுவனம் அலுவலகக் கட்டடம் ஒன்றை 5 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. வாடகை ஆண்டுக்கு 1,00,000, ஆண்டு முடிவில் கட்ட வேண்டும். வரப்போகும் வாடகையை இன்றைய மதிப்புக்கு மாற்றத் தொடக்கத்தில் எடுத்த தள்ளுபடி விகிதம் 8%. மூன்றாம் ஆண்டின் கடைசி நாளில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, குத்தகையை இன்னும் 3 ஆண்டு நீட்டிக்கிறார்கள். நான்காம் ஆண்டிலிருந்து வாடகை 95,000 என்றும் கையெழுத்தாகிறது. குத்தகைக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16-இன்படி குத்தகைதாரர் இதை எப்படி எழுத வேண்டும்?

முதல் சறுக்கல் தேதியில். "நீட்டிப்பு ஆறாம் ஆண்டில்தானே தொடங்குகிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். தரநிலை பார்ப்பது இரு தரப்பும் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்ட நாளை. ஆகவே மூன்றாம் ஆண்டுக் கணக்கை மூடும்போதே குத்தகைப் பொறுப்பை, அதாவது இனிக் கட்ட வேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பை, திரும்ப அளவிட வேண்டும். கூடுதல் 3 ஆண்டைத் தனிக் குத்தகையாக எழுதுவதும் தவறு. புதிதாக இன்னொரு சொத்து கைக்கு வந்து, அதற்கேற்ற விலையும் கூடினால்தான் அது தனிக் குத்தகை. இங்கே கட்டடம் அதேதான்.

அடுத்தது, அதிகம் பார்க்கும் தவறு: பழைய 8 சதவீதத்தையே போடுவது. எக்செல் தாளில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. குத்தகைக்குள் பொதிந்த விகிதத்தை எளிதில் கணக்கிட முடியாதபோது, ஒப்புக்கொண்ட நாளில் அந்த நிறுவனம் இதே போன்ற காலத்துக்கும் பிணைக்கும் கடன் வாங்கினால் என்ன வட்டியோ அதுதான் வேண்டும். அது 10% என்று வைப்போம். மீதி 5 ஆண்டு வாடகையின் இன்றைய மதிப்பு சுமார் 3,60,125. பழைய விகிதத்தில் போட்டால் 3,79,307 வரும். பொறுப்பும், கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமையாக ஏட்டில் நிற்கும் சொத்தும் 19,000 சொச்சம் ஊதிப்போகும்.

சரி, பதிவு எப்படி? மாற்றத்துக்கு முன் ஏட்டில் பொறுப்பு 1,78,326, பயன்பாட்டு உரிமைச் சொத்து 1,59,708. பொறுப்பில் கூடும் 1,81,799-ஐ அப்படியே சொத்திலும் கூட்ட வேண்டும். சொத்து 3,41,507 ஆகிறது. இனி 5 ஆண்டுக்கு ஆண்டுத் தேய்மானம் ஏறக்குறைய 68,301. கழிந்த 3 ஆண்டுக் கணக்கைத் தொடக் கூடாது.

வாடகை குறைந்ததே, அதை லாபமாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. இடத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தாலோ காலத்தைச் சுருக்கினாலோதான் லாப நட்டக் கணக்குக்கு வேலை வரும். வாடகை மட்டும் குறைந்தால் அது சொத்தின் மதிப்பிலேயே அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விலைவாசிக் குறியீட்டின்படி வாடகை ஏறும் என்று மூல ஒப்பந்தத்திலேயே இருந்து, அதன்படி ஏறினால் அது மாற்றமே அல்ல. அப்போது பொறுப்பைத் திரும்ப அளவிட்டாலும் பழைய 8 சதவீதமே தொடரும்.