போலி இயர்போன்: பணத்தை மீட்டுத் தந்த வரிசை எண்

இணையச் சந்தையில் வாங்கிய இயர்போனில் ஒலி மந்தமாக இருந்தது. புகார்ப் படிவத்தில் 'பழுதான பொருள்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் தவறு. பழுது என்றால் தளம் மாற்றுப் பொருள்தான் அனுப்பும், அதுவும் அதே விற்பனையாளரிடமிருந்து. வந்ததும் அதே ஒலி. தரம் மோசம் என்று நீளமாக எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு, மீண்டும் மாற்றித் தருவதாகப் பதில் வந்தது. ஒன்பது நாள்கள் வீணாயின.

பழையதை எடுத்துச்செல்ல இன்னும் ஆள் வரவில்லை. இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்தபோதுதான் கவனித்தேன்: அடிப்பக்கத்து ஒட்டியில் வரிசை எண் கடைசி இலக்கம் வரை ஒன்றே! ஒவ்வொரு இயர்போனுக்கும் தனி எண் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து, தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அந்த எண் வேறொரு மாடலுக்கு உரியது என மின்னஞ்சலில் எழுதித் தந்தார்கள்.

மூன்றாவது கடிதத்தை 'போலிப் பொருள்' பிரிவில் பதிந்தேன். கோபத்தை விட்டுவிட்டு இவ்வளவுதான் எழுதினேன்:

"இரு ஆர்டர் எண்களும் கீழே உள்ளன. இரண்டு பொருள்களிலும் ஒரே வரிசை எண். தயாரிப்பாளரின் கடிதமும் படமும் இணைப்பில். மாற்றுப் பொருள் வேண்டாம். அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் ஏழு நாள்களுக்குள், நான் செலுத்திய அதே அட்டைக்குத் திருப்பித் தரவும். தவறினால் அட்டை வழங்கிய வங்கியில் முறையிடுவேன்."

நான்காம் நாள் பணம் வந்தது. படம் எடுக்கும் முன் பழையதை ஒப்படைத்திருந்தால், இரண்டிலும் ஒரே எண் என்பதற்கு என்னிடம் சான்றே இருந்திருக்காது.