டோர் முதலா, வி.பி.என். முதலா? நான் ஒரு வாரம் தலைகீழாகப் புரிந்துகொண்ட கதை

2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது கொழும்பில் அநேகமாக எல்லோரும் வி.பி.என். போட்டுக்கொண்டோம். டோர் உலாவியும் அந்த நாட்களில்தான் என் மடிக்கணினிக்கு வந்தது. முதலில் டோர் உலாவியைத் திறப்பேன். அது இணைந்த பிறகு வி.பி.என். செயலியை இயக்குவேன். "டோருக்குப் பின்னால் வி.பி.என்." அமைத்துவிட்டதாக வெள்ளவத்தை வீட்டில் ஒரு வாரம் பெருமையாக இருந்தேன். நான் அமைத்திருந்தது அதற்கு நேர்மாறானது.

வி.பி.என். செயலி கணினி முழுவதற்குமான வெளிவாசலைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. டோர் உலாவியும் அந்தக் கணினியில் ஓடும் ஒரு நிரல்தானே, அதுவும் அந்த வாசலால்தான் வெளியே போகும். எதை முதலில் அழுத்தினாலும் பாதை ஒன்றே: வீடு, வி.பி.என்., டோர், இணையத்தளம். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

டோர் உலாவியில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சுற்றுச் சின்னத்தை அழுத்துங்கள். உங்கள் போக்குவரத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும் டோரின் இடைக் கணினிகள், அதாவது மூன்று கணுக்கள், தெரியும். முதல் கணுவின் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொண்டு, லினக்ஸ் முனையத்தில் இப்படிக் கேளுங்கள் (இங்கே இருப்பது மாதிரி முகவரி):

```
ip route get 203.0.113.25
```

விடையில் `dev tun0` அல்லது `dev wg0` என்று வந்தால் டோர், வி.பி.என். குழாய்க்குள்ளே ஓடுகிறது. `dev wlan0` என்றால் வீட்டு இணைப்பில் நேரே போகிறது. எனக்கு `tun0` வந்தது. அந்தச் சுற்றுப் படத்தில் வி.பி.என். தெரியவே தெரியாது, அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த வரிசையில் இணையச் சேவை நிறுவனம் வி.பி.என்.ஐ மட்டுமே காணும். நீங்கள் டோருக்குப் போவது வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. தளம் டோரின் கடைசிக் கணுவை மட்டும் பார்க்கும். அதாவது, டோர் பயன்படுத்துவதை இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைத்து, அந்தத் தகவலை வி.பி.என். நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள். மறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் நான் டோர் உலாவியின் அமைப்புகளில் உள்ள பாலங்களையே தேர்வு செய்வேன். obfs4 அல்லது Snowflake போதும், யாருக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை.

உண்மையாகவே டோருக்குப் பின்னால் வி.பி.என்., அதாவது வீடு, டோர், வி.பி.என்., இணையத்தளம் என்ற பாதை வேண்டுமானால், வி.பி.என். நிரலையே டோர் வழியாக அனுப்ப வேண்டும். டோர் டி.சி.பி. போக்குவரத்தை மட்டுமே சுமக்கும். வயர்கார்ட் என்ற வி.பி.என். வகை யு.டி.பி.யில் ஓடுவதால் அது இங்கே உதவாது. ஓப்பன்வி.பி.என். அமைப்புக் கோப்பில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்து, டோர் உலாவியைத் திறந்தே வைத்திருங்கள். சேவையகமும் டி.சி.பி.யை ஏற்க வேண்டும்.

```
proto tcp
socks-proxy 127.0.0.1 9150
```

நான் சறுக்கிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. `Initialization Sequence Completed` என்று திரையில் வந்தது. மகிழ்ச்சியில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இணைந்தவுடன் வி.பி.என். வெளிவாசலைத் தன் பக்கம் திருப்பிவிட்டது. டோரின் போக்குவரத்தும் அந்தக் குழாய்க்குள் போய்விட்டது. குழாயோ டோரை நம்பி நிற்கிறது. ஒன்றை ஒன்று காத்துக்கொண்டு இரண்டும் நின்றுவிட்டன. முதல் கணுவுக்கு மட்டும் தனிவழி போட்டதும் உயிர் வந்தது:

```
sudo ip route add 203.0.113.25 via 192.168.1.1
```

கடைசி முகவரி உங்கள் ரவுட்டருடையது. இப்போது மேலே சொன்ன சோதனை `wlan0` காட்ட வேண்டும். டோர் வேறு முதல் கணுவுக்கு மாறினால் மறுபடியும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே டோரைத் தனி மெய்நிகர் கணினியில் வைப்பதே நல்லது.

இவ்வளவு பாடுபட்டதற்குக் கிடைப்பது என்ன? டோர் கணுக்களைத் தடுக்கும் தளங்கள், வேறு உலாவியில் போனால், வி.பி.என். முகவரிக்குத் திறக்கலாம். அதற்கு விலையாக, நீங்கள் போகும் தளங்கள் எல்லாம் ஒரே வி.பி.என். நிறுவனத்தின் கண்ணில் படும். வீட்டு ஐ.பி. முகவரி அதற்குத் தெரியாது. ஆனால் சந்தாவை உங்கள் வங்கி அட்டையில் கட்டியிருந்தால் பெயர் தெரியும். வங்கி அட்டையில் சந்தா கட்டியவர்களுக்கு இந்த வரிசையை நான் சொல்லமாட்டேன்.

பிற்சேர்க்கை: வி.பி.என். அறுந்தால் டோர் என்ன செய்யும் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். முதல் வரிசையில் டோர் சத்தமில்லாமல் வீட்டு இணைப்பிலேயே மறுபடி இணைந்துவிடும். வி.பி.என். இல்லாதபோது இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பைச் செயலியில் இயக்கி வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என். மட்டுமே இயங்கும். டோரை இயக்கும் செயலியான ஆர்பாட்டை வி.பி.என். முறையில் இயக்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும், உங்கள் வி.பி.என். செயலி நின்றுவிடும். அங்கே இரண்டையும் சேர்க்க விரும்பினால் ஆர்பாட் இல்லாமல் டோர் உலாவியை மட்டும் பயன்படுத்துங்கள்.