அன்வயம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்ஸ்கிருத ஸ்லோகத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் பலரும் செய்வது, பக்கத்துப் பக்கத்துச் சொற்களைச் சேர்த்துப் பொருள் சொல்வது. அங்கேதான் சறுக்கல். எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்த்து, ஸ்லோகத்தின் சொற்களை உரைநடை வரிசையில் அடுக்குவதுதான் அன்வயம். காளிதாசரின் ரகுவம்சத்தில் இரண்டாம் ஸ்லோகத்தைப் பாருங்கள்.

க்வ ஸூர்யப்ரபவோ வம்ச: க்வ சால்பவிஷயா மதி: |
திதீர்ஷுர்துஸ்தரம் மோஹாதுடுபேனாஸ்மி ஸாகரம் ||

முதலில் சந்தியைப் பிரிக்க வேண்டும். ச அல்பவிஷயா, திதீர்ஷு: துஸ்தரம், மோஹாத் உடுபேன அஸ்மி. இதைச் செய்யாமல் வரிசை மாற்றத் தொடங்கினால் 'உடுபேனாஸ்மி' ஒரே சொல்லாகத் தோன்றி, 'தெப்பத்தால் நான் இருக்கிறேன்' என்ற வேடிக்கையான பொருளில் கொண்டுபோய் விடும்.

அடுத்து வினையைத் தேடுங்கள். இரண்டாம் அடியில் அது 'அஸ்மி'. யார் என்று கேட்டால் 'அஹம்' வருகிறது. ஸ்லோகத்தில் இல்லை, வினைமுற்றே தருகிறது. எப்படிப்பட்டவன்? 'திதீர்ஷு:', கடக்க விரும்புபவன். எதை? 'ஸாகரம்'. எப்படிப்பட்ட கடலை? அதே வேற்றுமையில் நிற்கும் 'துஸ்தரம்', கடத்தற்கரியது. எதனால் கடக்க? 'உடுபேன'. ஏன் இந்த ஆசை? 'மோஹாத்', அறியாமையால். இப்படிக் கேள்வி கேட்டுப் போவது கண்டான்வயம். கிடைத்ததை அடைமொழி முன்னும் வினை கடைசியிலுமாக அடுக்கினால் தண்டான்வயம்:

ஸூர்யப்ரபவ: வம்ச: க்வ? அல்பவிஷயா (மம) மதி: ச க்வ? (அஹம்) மோஹாத் உடுபேன துஸ்தரம் ஸாகரம் திதீர்ஷு: அஸ்மி.

தண்டான்வயம் தமிழ் வாக்கிய அமைப்புக்கு ஒத்துப்போவதால் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆபத்தும் அதுவே. கேள்வி கேட்காமலே காதுக்குச் சரியாகப் படும்படி அடுக்கிவிடலாம்.

விகுதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் தவறு. 'தெப்பத்தால் கடக்க முடியாத கடல்' என்று 'உடுபேன'வை 'துஸ்தரம்' உடன் சேர்த்தாலும் வேற்றுமை தடுக்காது. ஆனால் அப்போது தெப்பம் கடலைப் பற்றிய வெறும் வர்ணனையாகிவிடும். தெப்பத்தில் ஏறிக் கடலைக் கடக்கப் பார்க்கும் அசட்டுத் துணிச்சல் காணாமல் போகும். கருவி கடத்தல் என்னும் செயலைத்தான் தேடுகிறது. ஆகவே அது 'திதீர்ஷு:' உடன்தான். எந்தச் சேர்க்கைக்குப் பொருள் தகுதி உண்டு என்று பார்ப்பதை யோக்யதை என்பார்கள்.

'எங்கே' என்னும் 'க்வ' இரண்டு முறை வருவதை வீண் என்று ஒன்றை விட்டுவிடுபவர்களும் உண்டு. இது இடம் கேட்கும் கேள்வியே அல்ல. அந்த இரண்டும் சேர்ந்துதான் சூரிய வம்சத்துக்கும் கவியின் சிற்றறிவுக்கும் உள்ள பெரும் இடைவெளியைக் காட்டுகின்றன. அன்வயத்தில் மூலச் சொல் ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் இது தப்பாது.

வருவித்துக் கொண்ட சொல்லை அடைப்புக்குள் போடாமல் விடுவது இன்னொரு தவறு. தன் உரையை அன்வய வழியிலேயே நடத்துவதாகச் சொல்லும் ரகுவம்ச உரையாசிரியர் மல்லிநாதர், மூலமில்லாத எதையும் எழுதுவதில்லை, தேவையற்றதைச் சொல்வதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். 'மம', 'அஹம்' இரண்டும் அந்த அளவுகோலில் தேறும். வம்சத்துக்கு முன் 'மிகப் பெரிய' என்று ஒன்றைச் சேர்த்தால் தேறாது. அது விளக்கவுரையில் வரவேண்டியது.